கடிதம் கையில் கிடைத்த அன்று இரவு இராஜினாமா எழுதாதீர்கள்



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது என்னிடம் படித்த ஒரு பிள்ளை பள்ளி வாசலில் நின்றான். கொழும்பில் ஒரு தனியார் கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை. மூன்று வருடமாகிறது. முகம் சரியில்லை. "சேர், ஒரு விசயம் கதைக்கணும்" என்று ஓரமாகக் கூட்டிப்போய் ஃபோனில் ஒரு கடிதத்தைக் காட்டினான். வேலைத்திறன் முன்னேற்றத் திட்டம் என்று தலைப்பு. ஒஃபீஸ்காரர்கள் பிஐபி என்பார்கள். 90 நாள் அவகாசம். முன்னேற்றம் இல்லையென்றால் தொடர்ந்து வேலையில் வைத்திருப்பது பற்றி மீள யோசிக்கப்படும் என்று கடைசி வரி.

"திங்கக்கிழமை இராஜினாமாவக் குடுத்திட்டு வந்திடப் போறன் சேர். அவங்க துரத்த முதல் நாமளே போறது மரியாதை தானே" என்றான்.

நான் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து, அலுமாரியில் இருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்துக் காட்டினேன். அதில் அதே மாதிரி ஒரு கடிதம் இருக்கிறது. என் பெயருக்கு வந்தது. அவன் நம்பவில்லை. ஊரில் பலருக்கும் இது தெரியாது. அந்தப் பிள்ளைக்குச் சொன்னதை இங்கே எழுதினால் வேறு யாருக்காவது உதவலாம் என்று மனைவி சொன்னதால் எழுதுகிறேன்.

அரச நியமனம் கிடைக்கும் முன்னர் கொழும்பில் ஒரு தனியார் பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். மூன்றாவது வருடம், இரண்டாம் தவணை தொடங்கிய கிழமை அதிபர் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைத் தந்தார். நான்கு குற்றச்சாட்டுகள். ஒன்று, தரம் 10 வகுப்பில் மாணவர் ஈடுபாடு போதாது. இரண்டு, கொப்பிகள் திருத்தப்பட்டுத் திரும்பிவரத் தாமதமாகிறது. மூன்று, முதலாம் தவணைப் பரீட்சையில் வகுப்புச் சராசரி குறைந்துள்ளது. நான்கு, பெற்றோரிடமிருந்து முறைப்பாடுகள் வந்துள்ளன. 90 நாள். கடைசி வரி, அந்தப் பிள்ளையின் கடிதத்தில் இருந்த அதே வரி.

அப்போது மூத்த மகளுக்கு எட்டு மாதம். வாடகை வீடு. அன்று இரவு இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து நானும் இராஜினாமா எழுதினேன். அழகான கடிதம், கோபத்தில் எழுதினால் நன்றாக வரும். மனைவி வாசித்துவிட்டு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் தந்த கடிதத்தை எடுத்தார். "இதில இருக்கிற நாலுல ஒன்டாவது உண்மையா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. கொப்பி விசயம் உண்மை என்று எனக்கே தெரியும். அந்த நேரம் மேசைக்குக் கீழே இரண்டு பையில் திருத்தாத கொப்பிகள் கிடந்தன.

இராஜினாமா எழுதினால் என்ன இழப்போம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கு இது தெரியாது. நம் நாட்டில் ஊழியரின் சேவையை முடிவுறுத்துவது பற்றி 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று உள்ளது. அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட தனியார் நிறுவனத்தில், 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. யார் யாருக்கு இது பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைத் தொழில் அலுவலகத்தில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். கோபத்தில் நாமாக எழுதிக் கொடுக்கும் இராஜினாமா, அவர்கள் தேடித் திரிய வேண்டிய அந்தச் சம்மதத்தை நாமே வீட்டில் தட்டச்சுச் செய்து கொண்டுபோய்க் கொடுப்பது. மரியாதைக்காகச் செய்கிறோம் என்று நினைக்கிறோம். 90 நாள் சம்பளத்தையும் யோசிக்கும் அவகாசத்தையும்தான் விட்டுவிடுகிறோம்.

அடுத்தது கையெழுத்து. மறுநாள் அலுவலகத்தில் கடிதத்தின் பிரதியில் ஒப்பமிடச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் அதுவும் ஒரு குற்றமாகிவிடும். ஒப்பத்துக்குப் பக்கத்தில் "பெற்றுக்கொண்டேன். என் விளக்கத்தை எழுத்தில் தருவேன்" என்று எழுதித் திகதி போட்டேன். கடிதம் கிடைத்தது என்று ஒத்துக்கொள்வது வேறு, அதில் உள்ளது எல்லாம் சரி என்று ஒத்துக்கொள்வது வேறு. அந்த ஒரு வரி இரண்டையும் பிரித்துவிடுகிறது.

பிறகு எங்கள் பகுதித் தலைவியிடம் அரை மணித்தியாலம் கேட்டேன். சண்டைக்குப் போகவில்லை. ஒரு வெள்ளைத் தாளுடன் போனேன். "மெடம், ஈடுபாடு போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். 90 நாள் கழித்து நீங்கள் என் வகுப்புக்கு வரும்போது எதைப் பார்த்தால் ஈடுபாடு வந்துவிட்டது என்று சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவரும் அதை அப்படி யோசித்திருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னார்: "நான் ரெண்டு தரம் வந்து பார்த்தன். நீங்க கணக்குக் குடுக்கிறீங்க. முன் ரெண்டு வரிசையும் செய்யுது. பின்னுக்கு இருக்கிற பிள்ளைகள் பேனைய மூடி வச்சிட்டு, நீங்க போர்டுல செய்யும் வரைக்கும் காத்திட்டு இருக்குதுகள்."

இது எனக்குப் புதுச் செய்தி. கடிதத்தில் இருந்த வசனம் என்னைக் குத்தியது, ஆனால் ஒன்றும் சொல்லித் தரவில்லை. மெடம் வாயால் சொன்னது வலித்தாலும், என்ன செய்யவேண்டும் என்று காட்டியது. இருவருமாக அந்தத் தாளில் எழுதினோம். கணக்குக் கொடுத்து ஐந்து நிமிடத்தில், வகுப்பில் உள்ள 34 பிள்ளைகளில் எத்தனை பேரின் கொப்பியில் சொந்தமாக ஒரு படியாவது எழுதப்பட்டிருக்கிறது என்று அவர் நடந்து எண்ணுவார். 28 இருந்தால் போதும். கொப்பிகள் சேர்த்த நாளிலிருந்து நான்கு பாடசாலை நாட்களுக்குள் திரும்பப் போகவேண்டும்.

மூன்றாவது விசயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடிதத்தில் சராசரி 53 இலிருந்து 46 ஆகக் குறைந்தது என்றும் அதை 55 ஆக உயர்த்தவேண்டும் என்றும் இருந்தது. 53 முந்திய வருடம் தரம் 10 இல் இருந்த பிள்ளைகளின் சராசரி. அவர்கள் வேறு பிள்ளைகள். இதே 34 பேரும் தரம் 9 மூன்றாம் தவணையில் எடுத்த சராசரி 48. அந்தப் புள்ளிப் பட்டியலைப் பிரதி எடுத்து வைத்தேன். இறக்கம் ஏழு புள்ளியல்ல, இரண்டு. இறக்கம் இல்லை என்று நான் வாதாடவில்லை. எங்கிருந்து அளக்கிறோம் என்பதைத்தான் சரிசெய்யக் கேட்டேன். இரண்டாம் தவணைக்கு 52 என்று இலக்கு மாற்றப்பட்டது. வினாத்தாளை நான் தயாரிக்காமல் மற்றத் தரம் 10 ஆசிரியர் தயாரிக்கவேண்டும் என்றும் நானே கேட்டேன். என் கையால் போட்ட தாளில் புள்ளி கூடினால் யார் நம்புவார்கள்?

நான்காவது, பெற்றோர் முறைப்பாடுகள். எத்தனை பேர், எந்தத் திகதி என்று கேட்டேன். ஃபைலைப் பார்த்தபோது ஒரு பெற்றோர் மூன்று தடவை எழுதியிருந்தார். அதில் ஒரு தடவை நான் வகுப்பில் பிள்ளையை ஏசியதாகச் சொன்ன நாளில் நான் லீவு. லீவுப் பதிவின் திகதியோடு ஆறு வரியில் பதில் எழுதிக் கொடுத்தேன். "என்மேல் அபாண்டம்" போன்ற சொற்கள் ஒன்றும் போடவில்லை. முறைப்பாடு அகற்றப்படவில்லை, என் பதில் அதோடு சேர்த்துக் கோக்கப்பட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஃபைலை எப்போது யார் திறந்தாலும் இரண்டையும் வாசிப்பார்கள்.

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். என் மாமா ஒருவருக்கு அந்தப் பாடசாலை நிர்வாக சபையில் ஒருவரைத் தெரியும். "ஒரு கோல் போதும், நான் கதைக்கிறன்" என்றார். எனக்கும் ஆசையாக இருந்தது. வேண்டாம் என்றேன். பெரிய மனிதன் ஆகவேண்டும் என்றல்ல, கணக்குப் பார்த்துத்தான். அவர் கதைத்தால் கடிதம் போய்விடலாம். பின் வரிசைப் பிள்ளைகளின் பேனை மூடியேதான் இருக்கும். மெடமும் அதற்குப் பிறகு என் வகுப்பைப் பற்றி என்னிடம் எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். அடுத்த தடவை எனக்கு எதிராக ஏதாவது எழுதும்போது தாளில் பேசுவதற்கு எனக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இனி வகுப்பறை விசயம். வேறு தொழிலில் உள்ளவர்களும் பொறுத்து வாசியுங்கள், அந்தக் கணக்குப் பிரிவுப் பிள்ளைக்கு இதுதான் கூடப் பயன்பட்டது.

மெடம் சொன்னது சரியா என்று எனக்கே தெரியவேண்டியிருந்தது. அவரிடம் சொல்லிவிட்டு ஒரு நாள் ஃபோனை மேசையில் வைத்து 40 நிமிடப் பாடவேளையை ஒலிப்பதிவு செய்தேன். எனக்கு மட்டும் கேட்பதற்கு. மஃரிபுக்குப் பிறகு வீட்டில் கடிகாரம் வைத்துக் கேட்டேன். 40 நிமிடத்தில் 29 நிமிடம் என் குரல். நான் கேட்ட கேள்விகள் 23. பதில் சொன்னது ஆறே ஆறு பிள்ளைகள், அதுவும் எப்போதும் அதே ஆறு. 11 கேள்விக்கு நானே கேட்டு நானே பதில் சொல்லியிருக்கிறேன். கேள்வி முடிந்து ஒரு மூச்சு விடும் நேரம்கூடப் பொறுக்கவில்லை. நான் நன்றாகப் படிப்பிக்கிறேன் என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகுதான் தெரிந்தது, இது என் நோய் மட்டுமல்ல. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் பொறுக்கிறார்கள் என்று கண்டிருந்தார். அதை மூன்று செக்கன் அல்லது அதற்கு மேல் ஆக்கியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் விடுவது குறைந்தது.

மூன்று செக்கன் கேட்கச் சின்னதாக இருக்கிறது. வகுப்பில் 34 முகங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது ஒரு யுகம். நான் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று தடவை சுப்ஹானல்லாஹ் சொல்லப் பழகினேன். அவசரப்படாமல் சொன்னால் மூன்று செக்கன் சரியாக வரும். பிறகு, அதே ஆறு பேரின் கை உயர்வதை நிறுத்த, ஐஸ்கிறீம் குச்சிகளில் 34 பெயரையும் எழுதி ஒரு டின்னில் போட்டு, குச்சி எடுத்துப் பெயர் கூப்பிட்டேன்.

இது உடனே சரிவந்தது என்று நினைக்காதீர்கள். மூன்றாவது கிழமை மெடம் வந்து எண்ணினார். 19. இலக்கு 28. அன்று ஒரு பெண் பிள்ளையின் பெயர் வந்தது, அவள் எழுந்து நின்று அழுதுவிட்டாள். குச்சி டின் பிள்ளைகளைப் பயமுறுத்தியிருக்கிறது. பயந்த பிள்ளை பிழையாக எழுதுவதைவிட ஒன்றும் எழுதாமல் இருப்பதையே தெரிவு செய்கிறது. அதனால் ஒழுங்கை மாற்றினேன். முதலில் இரண்டு நிமிடம் தனியே எழுதவேண்டும். பிறகு ஒரு நிமிடம் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கதைக்கலாம். அதற்குப் பிறகுதான் குச்சி. பெயர் வந்த பிள்ளை "எங்கள் விடை" என்று சொல்லலாம், பிழையென்றால் இரண்டு பேருக்கும் சேர்ந்த பிழை. ஆறாவது கிழமை எண்ணியபோது 25. பத்தாவது கிழமை 29.

கொப்பிகளுக்கு வேறு வழி தேவைப்பட்டது. மூன்று வகுப்பு, 103 கொப்பி. ஒவ்வொரு கணக்குக்கும் சிவப்புப் பேனையால் சரி பிழை போட்டு வந்ததால் சராசரி 11 நாள் பிடித்தது. 11 நாள் கழித்து வரும் கொப்பியில் பிள்ளை புள்ளியை மட்டும் பார்க்கும், பிழையைப் பார்க்காது, அதற்குள் பாடம் இரண்டு அலகு தாண்டியிருக்கும். அதனால் எல்லாவற்றையும் திருத்துவதை விட்டேன். ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டு கணக்கு மட்டும் நான் கவனமாகத் திருத்துவேன், மிச்சத்தைப் போர்டில் விடை பார்த்துப் பிள்ளைகளே திருத்துவார்கள். எந்த இரண்டு என்று முன்கூட்டிச் சொல்லமாட்டேன்.

அதோடு பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கால் தாளில் ஒரே ஒரு கணக்கு. ஒரு உதாரணம் சொல்கிறேன். 5 − (x − 3) ஐச் சுருக்குக. 34 தாள் வந்தது. வீட்டில் குவியலாகப் பிரித்தேன். 8 − x என்று சரியாக எழுதியவர்கள் 15 பேர். 2 − x என்று எழுதியவர்கள் 14 பேர். மிச்சம் ஐந்தில் மூன்று வெறுமை, இரண்டு வேறு பிழை. பிரிக்க 12 நிமிடம் பிடித்தது.

அந்த 14 பேருக்கும் ஒரே நோய். அடைப்புக்கு முன்னால் உள்ள கழித்தல் குறி முதல் உறுப்புக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், −3 அப்படியே வெளியே வந்துவிடுகிறது. நான் அதுவரை என்ன செய்வேன்? வகுப்புக்கு விளங்கவில்லை என்று முழுப் பாடத்தையும் திரும்ப நடத்துவேன். 15 பேருக்குச் சலிப்பு, 14 பேருக்கு அதே பிழை. இப்போது மறுநாள் பத்து நிமிடம் அந்தக் குறியை மட்டும் எடுத்தேன். x க்கு 4 என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். 5 − (4 − 3) என்றால் 4. 8 − x உம் 4. 2 − x என்றால் −2. எது பிழை என்று நான் சொல்லத் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு வியாழனும் மெடத்தோடு பத்து நிமிடம் கதைத்தேன். அன்றே மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல்: இந்தக் கிழமை என்ன பார்க்கப்பட்டது, என்ன ஒத்துக்கொண்டோம், அடுத்து எப்போது. 19 வந்த கிழமையும் 19 என்றுதான் எழுதினேன். நல்லதை மட்டும் எழுதினால் அந்தப் பதிவை ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

90 நாள் முடிவில் கணக்கு இதுதான். எண்ணிக்கை இலக்கு நிறைவேறியது. கொப்பி இலக்கு, தவணைப் பரீட்சைக் கிழமை தவிர, நிறைவேறியது. சராசரி 49. இலக்கு 52. நிறைவேறவில்லை. திட்டம் மூன்றாம் தவணைக்கும் நீடிக்கப்பட்டது. அன்று மனம் உடைந்ததை மறைக்கமாட்டேன். டிசம்பரில் சராசரி 51. அப்போதும் ஒரு புள்ளி குறைவு. ஆனால் அதிபர் கிழமைக் குறிப்புகள் முழுவதையும் வாசித்திருந்தார். திட்டம் முடிவுற்றது என்று இரண்டு வரிக் கடிதம் தந்தார். அல்ஹம்துலில்லாஹ், அரச நியமனம் வரும்வரை அங்கேயே வேலை செய்தேன்.

எல்லாருக்கும் இப்படி முடியாது என்பதையும் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர், வேறு நிறுவனம், அவருக்கும் இப்படி ஒரு திட்டம் கொடுத்தார்கள். ஆறு கிழமை ஒருவரும் வந்து அவருடைய வேலையைப் பார்க்கவில்லை. சந்திப்பு மூன்று தடவை தள்ளிப்போனது. நடுவில் இலக்கு மாறியது, மாற்றியதற்கு எழுத்து இல்லை. எதைப் பார்த்தால் திருப்தி என்று கேட்டபோது "உங்களுக்கே தெரியும் தானே" என்றார்கள். இவை அடையாளங்கள். உங்களைத் திருத்த நினைப்பவர் உங்கள் வேலையை வந்து பார்ப்பார். அனுப்ப நினைப்பவருக்குப் பார்க்கும் தேவை இல்லை. என் மெடம் 19 என்று எண்ணியது எனக்குக் கசப்பாக இருந்தது, ஆனால் அவர் வந்து எண்ணினார்.

அந்த மனிதர் அதை விளங்கிக்கொண்டு சத்தமில்லாமல் வேறு வேலை தேடினார். தள்ளிப்போன சந்திப்புகளின் திகதியெல்லாம் எழுதி வைத்திருந்தார். கடைசியில் உட்கார்ந்து கதைத்தபோது அந்தப் பதிவைக் காட்டி, இரண்டு மாதச் சம்பளத்தோடும் சேவைச் சான்றிதழோடும் வெளியே வந்தார். ஒரே பதிவு, நேர்மையான இடத்தில் நம்மைத் திருத்தும். நேர்மையில்லாத இடத்தில் வெறுங்கையோடு வெளியே வராமல் காக்கும். எந்த இடம் என்று முதல் நாள் தெரியாது. அதனால்தான் முதல் நாளிலிருந்தே எழுதவேண்டும்.

அந்தப் பிள்ளையின் கடிதத்தில் "வேலையின் துல்லியம் போதாது" என்று ஒரு வரி இருந்தது. "கடைசியாக நீ பதிந்த 100 இன்வொய்ஸை எடு. எத்தனை திரும்பி வந்தது? என்ன பிழைக்காக?" என்று கேட்டேன். தெரியாது என்றான். இராஜினாமாவைத் தூக்கி வைத்துவிட்டு முதலில் அதை எண்ணச் சொன்னேன்.

நேற்று இரவு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். 100இல் 9 திரும்பியிருக்கிறது. அதில் 7 ஒரே வகை, வரித் தொகை தவறான கட்டத்தில் பதியப்பட்டது. கீழே ஒரு வரி: "சேர், இதைத் திருத்தலாம் போல இருக்கு. நாளைக்கு மெனேஜரிட்ட நேரம் கேட்டிருக்கன்."

அவனுக்காகவும், இப்படி ஒரு கடிதத்தை வீட்டில் யாருக்கும் காட்டாமல் பைக்குள் வைத்துக்கொண்டு திரியும் எல்லாருக்காகவும் துஆ செய்துகொள்ளுங்கள். குறைந்தது மனைவிக்கோ கணவருக்கோ அதைக் காட்டுங்கள். என் வீட்டில் கேட்ட அந்த ஒரு கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்டிருக்கமாட்டார்கள்.